இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி

குடியிருப்போர் சங்கத்தில் செயற்குழுக் கூட்டம் எப்போது என்று கேட்டால், "எல்லாருக்கும் தோதான நாள் பார்த்துச் சொல்றேன் சார்" என்பார் செயலாளர். வாட்ஸ்அப் குழுவில் தேதி கேட்பார். ஒன்பது பேரும் ஒன்பது தேதி சொல்வார்கள். மாதம் முடிந்துவிடும், தண்ணீர் மோட்டார் பழுது பார்த்த பில் கையெழுத்தாகாமல் கிடக்கும். இதற்குத் தீர்வு, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு முழுமைக்கும் கூட்ட நாட்களை மார்ச் மாதமே தீர்மானம் போட்டு எழுதிவிடுவதுதான்.

நாளைத் தேதியால் குறிக்காமல் கிழமையால் குறிக்க வேண்டும். "மாதந்தோறும் 10ஆம் தேதி" என்றால் ஒரு மாதம் செவ்வாய், அடுத்த மாதம் வியாழன் என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். "கடைசி ஞாயிறு" என்பதிலும் சிக்கல் உண்டு. 2026 மே மாதத்தில் ஐந்து ஞாயிறு. கடைசி எது, நாலாவதா ஐந்தாவதா என்று பாதிப் பேர் குழம்புவார்கள். நான் பரிந்துரைப்பது இரண்டாம் ஞாயிறு. அது எப்போதும் 8 முதல் 14ஆம் தேதிக்குள்தான் வரும். அதற்குள் முந்தைய மாதத்தின் வங்கிக் கணக்கு விவரம் பொருளாளர் கைக்கு வந்திருக்கும். பராமரிப்புத் தொகை யார் கட்டினார்கள், யார் பாக்கி என்பதும் தெரிந்திருக்கும். ஞாயிறு காலை கறிக்கடைக்கும் கோயிலுக்கும் போய்விடும் என்பதால் மாலை ஐந்து மணி நல்லது.

பட்டியலை எழுதியதும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள். 2026இல் நவம்பர் 8 இரண்டாம் ஞாயிறு, அன்றுதான் தீபாவளி. செப்டம்பர் 13க்கு மறுநாள் விநாயகர் சதுர்த்தி, பலர் ஊருக்குப் போயிருப்பார்கள். இவற்றை அப்போதைக்கப்போது விவாதிக்காமல், "பண்டிகை குறுக்கிட்டால் அடுத்த ஞாயிறு" என்று தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். நவம்பர் கூட்டம் 15க்கும் செப்டம்பர் கூட்டம் 20க்கும் தானாக நகர்ந்துவிடும்.

பன்னிரண்டில் ஒன்றை மட்டும் பின்னாலிருந்து எண்ணிக் குறிக்க வேண்டும். அது ஆண்டுப் பொதுக்குழு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவான சங்கம், நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், தணிக்கையான கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் துணைவிதி பொதுக்குழுவுக்கு 21 நாள் அறிவிப்பு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் கடைசியில் பில் கோப்புகள் தணிக்கையாளரிடம் போகின்றன. ஜூலை 12 செயற்குழு, தணிக்கையான கணக்கை ஏற்கிறது. 16ஆம் தேதிக்குள் எல்லா வீடுகளுக்கும் அறிவிப்பு. ஆகஸ்ட் 9, இரண்டாம் ஞாயிறு, பொதுக்குழு. ஆடி மாதம் என்பதால் கல்யாணம் என்று யாரும் விலக முடியாது. அன்று கோரம் சேராமல் ஒத்திவைத்தாலும் ஏழு வாரம் கையில் இருக்கிறது. செப்டம்பர் நடுவில் வைத்திருந்தால் அந்த இடைவெளி இருக்காது.

இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். மாதம் ஒருவர் வீடு என்று சுற்றினால், கூட்டம் நடத்தும் வீட்டில் காபி, டிபன் வேலை ஒருவர் தலையில் விழுகிறது. வாடகைதாரர் பற்றியோ பாக்கி பற்றியோ அவர் எதிரிலேயே பேசத் தயக்கம் வருகிறது. மினிட்ஸ் நோட்டும் ரசீதுப் புத்தகமும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்றாகத் தங்கிப்போவதும் இதனால்தான். சங்க ஹாலில் நடத்தினால் இரும்பு பீரோ பக்கத்திலேயே இருக்கும், கேட்ட கோப்பு உடனே கிடைக்கும். ஆனால் ஹால் புக்கிங் பதிவேட்டில் பன்னிரண்டு நாட்களையும் ஏப்ரல் முதல் தேதியே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் வளைகாப்புக்கோ பிறந்த நாளுக்கோ யாராவது பணம் கட்டிப் பிடித்துவிடுவார்கள்.

இந்த அட்டவணை இருக்கிறது என்பதற்காக அறிவிப்பை நிறுத்திவிடக் கூடாது. துணைவிதி ஏழு நாள் முன்னறிவிப்பு கேட்டால், பேசும் பொருள் பட்டியலோடு அது போயாக வேண்டும். பேச ஒன்றுமில்லாத மாதத்திலும் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். வரவுசெலவை வாசித்து இருபது நிமிடத்தில் முடியுங்கள். இரண்டு மாதம் விட்டால் மூன்றாவது மாதம் மறுபடி "தோதான நாள்" தேடல் தொடங்கிவிடும்.

நாள் சரியில்லை என்றால் வருகைப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். ஒரே ஆள் மூன்று கூட்டம் தொடர்ந்து வரவில்லையென்றால், அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டும் முன் ஞாயிறு அவருக்கு வேலை நாளா என்று கேளுங்கள். மருத்துவமனையிலோ ஹோட்டலிலோ வேலை செய்பவராக இருக்கலாம். அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால் அடுத்த ஆண்டுக்குக் கிழமையை மாற்றுங்கள், ஆண்டின் நடுவில் மாற்ற வேண்டாம்.

வருகிற மார்ச் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு தேதிகளையும் ஒரே தாளில் அச்சடித்து லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.