205 யூனிட்டுக்கு 175 ரூபாய்

முதலாமாண்டு பைத்தான் வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அறுபது மாணவர்கள். பயிற்சிக் கணக்கு, மின்கட்டணம். முதல் 100 யூனிட் இலவசம்; அடுத்த 100 யூனிட்டுக்கு தலா 2 ரூபாய்; அதற்கு மேல் தலா 5 ரூபாய். விடைகளைத் திருத்துவது டீச்சிங் அசிஸ்டென்ட்டாக இருக்கும் ஓர் ஆய்வு மாணவியின் வேலை.

அவர் 205 யூனிட் கொடுத்துப் பார்க்கிறார். வரவேண்டியது 225 ரூபாய். ஒரு மாணவியின் நிரல் 175 என்கிறது. 200 யூனிட்டுக்கே 200 ரூபாய் ஆகும்போது, ஐந்து யூனிட் கூடுதலாக எரித்தவருக்குக் கட்டணம் குறைகிறது! சிறிது நேரம் கழித்து இன்னொரு மாணவனின் நிரலிலும் அதே 175. இருவரின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்.

```python
bill = 200 + (units - 210) * 5
```

```python
amt = 200 + (u - 210) * 5
```

மாறிகளின் பெயர்தான் வேறு. 200 இருக்கவேண்டிய இடத்தில் இரண்டிலும் 210.

இதே வகுப்பில் இன்னும் பலர் 205-ஐ அப்படியே 5-ஆல் பெருக்கி 1025 என்று போட்டிருக்கிறார்கள். அது அவருக்குச் சந்தேகம் தரவில்லை. படிநிலைக் கட்டணத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட எவரும் அங்கேதான் போய் நிற்பார்கள். ஆனால் 210-க்குப் போக எந்த வழியும் இல்லை.

ஒப்பிட மென்பொருள்கள் உண்டு. அலெக்ஸ் ஐகன் 1994-இல் உருவாக்கிய ‘மாஸ்’, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயில் பிறந்த ‘ஜேபிளாக்’ இரண்டும் பல்கலைக்கழகங்களில் பிரபலம். ஜேபிளாக் நிரலின் எலும்புக்கூட்டை மட்டும் பார்க்கும். பெயரை மாற்றி ஏமாற்ற முடியாது. ஆனால் எண்களின் மதிப்பையும் அது பொருட்படுத்துவதில்லை. 200-உம் 210-உம் அதற்கு வெறும் எண்கள். பத்து வரிக்குள் அடங்கும் மின்கட்டண நிரலோ அறுபது பேரிடமும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். அதனால் இந்த ஜோடி மட்டும் தனித்துத் தெரிய வழியில்லை. இங்கே கண்ணில் பட்டது மனிதர் திருத்தியதால்தான்.

அதற்காக உடனே ‘காப்பி’ என்று எழுதிவிட முடியுமா? 1986-இல் ஜான் நைட்டும் நான்சி லெவ்சனும் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வரவேண்டும். வர்ஜீனியா, கலிபோர்னியாவின் இர்வைன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஒரே கணக்குக்கு 27 நிரல்களைத் தனித்தனியே எழுதினார்கள். ஒவ்வொன்றும் பத்து லட்சம் முறை சோதிக்கப்பட்டது. வெவ்வேறு நிரல்கள் ஒரே சோதனையில் சேர்ந்து சறுக்கியது, தற்செயல் என்று சொல்லக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. கணக்கின் கடினமான இடம் எல்லோருக்கும் கடினமாகவே இருந்தது. ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே குழியில் விழலாம்.

ஆகவே டி.ஏ. முதலில் பார்ப்பது குழி வேறெங்காவது இருக்கிறதா என்று. வினாத்தாளில் 200 என்றே அச்சாகியிருக்கிறது. பேராசிரியரின் ஸ்லைடுகளிலும் 210 இல்லை. அதில் தட்டச்சுப் பிழை இருந்திருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். மற்ற 58 நிரல்களிலும் அந்த எண்ணைத் தேடுகிறார், இல்லை.

பிறகு இருவரையும் தனித்தனியாக அழைக்கிறார். கேள்வி ஒன்றுதான். “இந்த 210 எப்படி வந்துச்சு?”

“டெஸ்ட் பண்றதுக்காக மாத்திப் பார்த்தேன் மேம். திரும்ப 200 ஆக்க மறந்துட்டேன்” என்கிறாள் மாணவி. அவள் கணினியில் முந்தைய நாள் சேமித்த பிரதியில் 200 இருக்கிறது.

“கொஸ்டின்ல அப்படித்தானே மேம் இருந்துச்சு?” என்கிறான் மாணவன். வினாத்தாளைக் காட்டியதும் பேச்சு நிற்கிறது. அவனிடம் பழைய பிரதி எதுவும் இல்லை.

முதலில் சமர்ப்பித்தவன் அவன்தான் என்பது இதில் கவனிக்கவேண்டிய விஷயம். நேரத்தை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் பழி மாணவியின் மேல் விழுந்திருக்கும். பொதுவான பிழை இரு நிரல்களுக்கும் தொடர்பு உண்டு என்று மட்டுமே சொல்லும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லாது. அதைச் சொல்வது சேமித்த பிரதிகளும், எழுதியவரின் விளக்கமும்தான். அவள் தெரிந்தே கொடுத்தாளா, ஆய்வகக் கணினியில் திறந்து விட்டுப்போன கோப்பை அவன் எடுத்துக்கொண்டானா என்பதையும் 210 காட்டாது.

அதனால் பேராசிரியருக்கு அவர் எழுதும் குறிப்பில் ‘காப்பி’ என்ற சொல் இல்லை. இரண்டு வரிகள், 205-க்கான விடை, வினாத்தாளிலும் பிற நிரல்களிலும் 210 இல்லாதது, இருவரும் சொன்ன பதில், பழைய பிரதியின் தேதி ஆகியவற்றை மட்டும் வரிசையாக எழுதி, இருவரின் மதிப்பெண்ணையும் நிரப்பாமல் அனுப்புகிறார்.