கடல்நீரில் கரைந்த மத்தாப்புச் சிவப்பு

தீபாவளி இரவில் மத்தாப்பு செக்கச்செவேலென்று எரிகிறதென்றால் அதற்குக் காரணம் அதில் சேர்த்திருக்கும் ஸ்ட்ரான்ஷியம் உப்பு. அதே ஸ்ட்ரான்ஷியம் கடலிலும் கரைந்திருக்கிறது. திறந்த கடலில் ஒரு லிட்டர் நீர் எடுத்தால் அதில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் இருக்கும். பவளங்கள் தங்கள் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும்போது கால்சியத்தோடு இதையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. நீர் குளிர்ச்சியாக இருந்தால் சற்று அதிகமாகவும், வெதுவெதுப்பாக இருந்தால் சற்றுக் குறைவாகவும் எடுக்கின்றன. பழைய பவளத்தைப் பொடித்து அந்தக் காலத்துக் கடல் வெப்பநிலையைக் கணிப்பவர்களுக்கு, கடல்நீரில் எவ்வளவு ஸ்ட்ரான்ஷியம் இருக்கிறது என்பது சரியாகத் தெரிந்தாக வேண்டும்.

அளப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நீரை நுண்துளிகளாகச் சுடரில் தெளிக்க வேண்டும். சூடேறிய ஸ்ட்ரான்ஷியம் அணுக்கள் 460.7 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிவிடும். மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம் சேர்மங்கள் தருவது. தனி அணு தரும் இந்த ஒளி நீலம். அதன் பிரகாசத்தைச் சுடர் ஒளிமானி ஓர் எண்ணாகக் காட்டும். அளவு தெரிந்த ஸ்ட்ரான்ஷியத்தைத் தூய நீரில் கரைத்துத் திட்டக் கரைசல்கள் சிலவற்றைத் தயாரித்து, எந்தச் செறிவுக்கு எந்த எண் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு கடல்நீரைத் தெளித்து, வந்த எண்ணை அதோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது.

குழாய்த் தண்ணீருக்கு இது ஓரளவு சரிப்படும். கடல்நீருக்குச் சரிப்படாது.

கடல்நீர் ஒரு கிலோவில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அவற்றுள் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல், அதாவது ஸ்ட்ரான்ஷியத்தைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். சுடரின் வெப்பத்தில் ஸ்ட்ரான்ஷியம் அணுக்களில் ஒரு பங்கு எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும். அயனியான அணு 460.7-இல் ஒளிவிடாது. தூய நீரில் இந்த இழப்பு எப்போதும் உண்டு. ஆனால் கடல்நீரைத் தெளிக்கும்போது சோடியம் இன்னும் எளிதில் அயனியாகிச் சுடரை எலக்ட்ரான்களால் நிரப்பிவிடுகிறது. ஸ்ட்ரான்ஷியம் அயனிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி அணுவாகின்றன, ஒளி கூடுகிறது. இன்னொரு பக்கம் சல்பேட் ஸ்ட்ரான்ஷியத்தோடு சேர்ந்து எளிதில் உடையாத துகள்களாகி ஒளியைக் குறைக்கப் பார்க்கிறது. உப்பு அடர்ந்த நீர் நெபுலைசர் வழியே உறிஞ்சப்படும் வேகமும் தூய நீரின் வேகமும் ஒன்றல்ல. எல்லாம் சேர்ந்து கடைசியில் என்ன ஆகிறதென்றால், ஒரே அளவு ஸ்ட்ரான்ஷியம் தூய நீரில் ஓர் எண்ணும் கடல்நீரில் வேறோர் எண்ணும் தருகிறது. அளக்க வேண்டிய பொருளைச் சூழ்ந்திருக்கும் இந்தக் கூட்டத்தைத்தான் ஆய்வகத்தில் மேட்ரிக்ஸ் என்கிறார்கள்.

அப்படியானால் திட்டக் கரைசலையும் கடல்நீர் போலவே உப்புகள் கலந்து செய்துவிட்டால் என்ன? நியாயமான யோசனைதான். ஆனால் அதற்குச் சோடியம், மக்னீசியம், கால்சியம் உப்புகளைக் கிராம் கணக்கில் போட வேண்டியிருக்கும். கால்சியமும் ஸ்ட்ரான்ஷியமும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம்; கடையில் வாங்கும் கால்சியம் உப்பில் ஸ்ட்ரான்ஷியம் மாசாக ஒட்டிக்கொண்டே வரும். நாம் தேடுவதோ மில்லிகிராம் அளவு. செயற்கைக் கடல்நீரே ஸ்ட்ரான்ஷியத்தைக் கொண்டுவந்துவிட்டால் ஒப்பீட்டுக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. ஸ்ட்ரான்ஷியம் இல்லாத அசல் கடல்நீரும் உலகில் கிடையாது.

1955-இல் சௌ, தாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கடல்நீர் ஸ்ட்ரான்ஷியத்தைச் சுடர் ஒளிமானியால் அளந்து வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலை நேர்முகமாகக் கையாண்டது. வழி அதற்கு முன்பே இருந்தது. 1937-இல் ஹான்ஸ் ஹோன் என்ற ஜெர்மன் வேதியியலர் மின்முறையில் துத்தநாகத்தை அளக்கும்போது அதைப் பயன்படுத்தியிருந்தார். கடல்நீரைப்போல இன்னொரு நீரைச் செய்ய முயல்வதை விட்டுவிட்டு, அந்தக் கடல்நீருக்குள்ளேயே திட்டக் கரைசலைச் சேர்ப்பதுதான் அந்த வழி. ஆய்வகங்களில் ஸ்டாண்டர்டு அடிஷன் என்பார்கள். தமிழில் திட்டச் சேர்ப்பு முறை எனலாம்.

ஒரு கணக்கோடு பார்த்தால் தெளிவாகும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எளிமையாக வைத்தவை.

50 மில்லிலிட்டர் திட்டக் குடுவைகள் நான்கு. ஒவ்வொன்றிலும் பிப்பெட்டால் 25 மில்லி கடல்நீர் விட வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஸ்ட்ரான்ஷியம் உள்ள திட்டக் கரைசலை முதல் குடுவையில் சேர்க்கக் கூடாது. இரண்டாவதில் 2 மில்லி, மூன்றாவதில் 4, நான்காவதில் 6. பிறகு நான்கையும் காய்ச்சி வடித்த நீரால் குறி வரை நிரப்ப வேண்டும். இந்தக் கடைசி வேலை சில்லறையாகத் தோன்றினாலும் முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நான்கு குடுவையிலும் கடல்நீர் சரிபாதி. சோடியம், சல்பேட், கால்சியம் எல்லாம் நான்கிலும் ஒரே அளவு. வேறுபடுவது ஸ்ட்ரான்ஷியம் மட்டுமே. நிரப்பாமல் விட்டால் சேர்க்கச் சேர்க்க மேட்ரிக்ஸும் நீர்த்துக்கொண்டே போகும்.

இப்போது குடுவைகளில் நாம் சேர்த்த செறிவு முறையே லிட்டருக்கு 0, 4, 8, 12 மில்லிகிராம். சுடரில் தெளித்தால் ஒளிமானி காட்டும் எண்கள் 24, 48, 72, 96 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 4 மில்லிகிராமுக்கும் எண் 24 கூடுகிறது. அதாவது இந்தக் கடல்நீருக்குள், இந்தச் சுடரில், ஒரு மில்லிகிராமின் மதிப்பு 6. எதுவும் சேர்க்காத முதல் குடுவையும் 24 காட்டியதே, அது எங்கிருந்து வந்தது? கடல்நீரிலேயே இருந்த ஸ்ட்ரான்ஷியத்திலிருந்து. ஒரு மில்லிகிராமுக்கு 6 என்றால் 24-க்கு 4 மில்லிகிராம். கடல்நீரைப் பாதியாக நீர்த்திருக்கிறோம் என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். விடை, லிட்டருக்கு 8 மில்லிகிராம்.

வரைபடத்தாளில் இதையே செய்வார்கள். நான்கு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், அது பூஜ்யத்துக்கு இடப்பக்கம் 4-இல் அடிக்கோட்டைத் தொடும்.

தூய நீரில் செய்த திட்டக் கரைசல்கள் ஒரு மில்லிகிராமுக்கு 5 என்று காட்டியிருந்தால்? அந்தக் கணக்கை நம்பியவர் 24-ஐ 5-ஆல் வகுத்து 4.8 என்றும், கடல்நீரில் லிட்டருக்கு 9.6 என்றும் எழுதியிருப்பார். இருபது சதவீதம் பிழை. கருவியில் கோளாறு இல்லை, கைத்தவறும் இல்லை. சாய்வு வேறு, அவ்வளவுதான். அதனால் இரண்டு சாய்வுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேட்ரிக்ஸ் இடையூறு செய்யவில்லை என்று பொருள். அடுத்த மாதிரிகளுக்கு நான்கு குடுவை வேண்டியதில்லை, சாதாரண முறையே போதும்.

இந்த முறையில் அழகு நிறைய உண்டு. ஆனால் இதன் பலவீனத்தைத் தெரியாமல் பயன்படுத்துவது ஆபத்து. சுடரும் சோடியமும் தங்கள் பங்குக்கு ஒரு மங்கிய ஒளியைப் பல அலைநீளங்களில் பரப்புகின்றன. அதில் கொஞ்சம் 460.7-இலும் விழும். அது எண்ணில் 3 என்று கொள்வோம். ஸ்ட்ரான்ஷியம் எவ்வளவு இருந்தாலும் இந்த 3 மாறாது. எனவே கருவி 27, 51, 75, 99 என்று காட்டும். கோடு முன்புபோலவே நேராக இருக்கும், சாய்வும் அதே 6. ஆனால் 27-ஐ 6-ஆல் வகுத்தால் 4.5, விடை 8-க்குப் பதில் 9. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது.

காரணம் இதுதான்: திட்டச் சேர்ப்பு முறை, மேட்ரிக்ஸ் கோட்டின் சாய்வை மாற்றினால் அதைச் சரிசெய்யும், கோடு முழுவதையும் அப்படியே மேலே தூக்கினால் அதை அதனால் உணரவே முடியாது. அதற்கு மருந்து வேறு. 460.7-க்குச் சற்று இப்புறமும் அப்புறமும் ஸ்ட்ரான்ஷியம் ஒளிவிடாத இடங்களில் அளந்து, அங்கே தெரியும் பின்னணி ஒளியை முதலில் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகுதான் கோடு போட வேண்டும்.

கோட்டை நீட்டுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. அளந்த புள்ளிகளுக்கு நடுவில் விடை தேடுவதற்கும், அளக்காத பக்கத்தில் நீட்டித் தேடுவதற்கும் வித்தியாசம் பெரிது. மேற்கண்ட கணக்கில் கடைசி எண் மட்டும் 96-க்குப் பதில் 94 என்று வந்துவிட்டதாகக் கொள்வோம். இரண்டு சதவீதச் சறுக்கல்தான். ஆனால் நான்கு புள்ளிகளுக்கும் பொருந்தும் கோட்டைப் போட்டு நீட்டினால் விடை 8.3-க்கு மேல் போகிறது. பிழை நான்கு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதுவும் அந்த 94, செறிவு கூடியதால் கோடு வளையத் தொடங்கியதன் அறிகுறியாக இருந்தால், இன்னும் அதிகமாகச் சேர்ப்பது நிலைமையை மோசமாக்கும். அதனால் மாதிரியில் இருப்பதாக ஊகிக்கும் அளவுக்குச் சமமாகவும், அதைப்போல இரண்டு மூன்று மடங்காகவும் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒவ்வொரு குடுவையையும் பல தடவை தெளித்துச் சராசரி எடுப்பார்கள். விடை சரியா என்று சந்தேகம் வந்தால் அதே கடல்நீரை 25-க்குப் பதில் 10 மில்லி எடுத்து எல்லாவற்றையும் மறுபடி செய்வார்கள். நீர்த்ததற்கு ஏற்பப் பெருக்கியதும் அதே 8 வந்தால் நம்பலாம். வேறு எண் வந்தால் பின்னணி ஒளியோ வளைவோ எங்கோ ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றையும் இந்த முறை எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடுகிறது. நாம் சேர்த்த ஸ்ட்ரான்ஷியமும் மாதிரியில் ஏற்கெனவே இருந்ததும் சுடரில் ஒரேமாதிரி நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கை அது. கரைந்திருப்பதற்கு அது பொருந்தும். ஆனால் கடலில் அகாந்தேரியா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் மிதக்கின்றன. மற்ற மிதவை உயிரிகள் சுண்ணாம்பிலோ சிலிக்காவிலோ கூடு கட்ட, இவை மட்டும் ஸ்ட்ரான்ஷியம் சல்பேட்டால் ஊசி ஊசியாக எலும்புக்கூடு செய்துகொள்கின்றன. வடிகட்டாத நீரில் அந்த ஊசிகள் இருந்தால், அவற்றில் அடைபட்டிருக்கும் ஸ்ட்ரான்ஷியம் கரைசலில் இருப்பதைப்போல ஒளிவிடாது. கோடு நேராகவே இருக்கும், அதன் கணக்கில் மட்டும் அது வராது.

உயிரி இறந்ததும் அந்த ஊசிகள் கடல்நீரிலேயே மெல்லக் கரையத் தொடங்கும். அதனால் கரைந்த ஸ்ட்ரான்ஷியத்தை அளக்க நினைப்பவர்கள் நீரை எடுத்த உடனே வடிகட்டிவிடுவது நல்லது. அதே கடலுக்கு அகாந்தேரியாவைத் தேடிப் போகும் ஆய்வாளர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. ஊசிகள் கரைந்து காணாமல் போய்விடாதபடி, மாதிரியைப் பதப்படுத்தும் கரைசலில் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியம் உப்பையே அள்ளிப் போட்டுவிடுகிறார்கள்.