‘இல்லை’யில் இடறும் வினாப்படிவங்கள்

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய கல்லூரியில் மாணவர்களின் கருத்தறியும் படிவங்களைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ‘பாடம் தெளிவாகப் புரிகிறது’ என்ற கூற்றில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், ‘பாடம் எளிதில் புரிவதில்லை’ என்ற கூற்றில் பின்தங்கியிருந்தார். அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. சில மாணவர்கள் இரண்டு கூற்றுகளுக்குமே ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ என்று குறித்திருந்தனர். அவர்கள் கூற்றுகளைப் படிக்கவே இல்லை.

இத்தகைய எதிர்மறைக் கூற்றுகள் நல்ல நோக்கத்துடனேயே சேர்க்கப்படுகின்றன. எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்று தலையாட்டும் இயல்பு பலருக்கு உண்டு. பாதிக் கூற்றுகளைத் திருப்பிக் கேட்டு, மதிப்பெண் இடும்போது அவற்றுக்கு 5-ஐ 1 ஆகவும், 4-ஐ 2 ஆகவும் மாற்றிவிட்டால் அந்தச் சாய்வு சமனாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. கூற்றைப் படித்து விடையளிப்பவரிடம் இது ஓரளவு பயன் தரும். படிக்காமல் குறிப்பவரிடம் என்ன நேர்கிறது?

ஒரு வகுப்பில் 100 பேர் என்று கொள்வோம். கவனமாகப் படித்த 90 பேர் ஆசிரியருக்கு 4 மதிப்பெண் அளிக்கின்றனர். மற்ற 10 பேர் எல்லாவற்றுக்கும் 5 என்று குறித்துவிடுகின்றனர். நேர்மறைக் கூற்றின் சராசரி 4.1. எதிர்மறைக் கூற்றில் அந்தப் பத்துப் பேரின் 5, திருப்பும்போது 1 ஆகிவிடுவதால் சராசரி 3.7. இந்த 0.4 இடைவெளி ஆசிரியரின் குறையன்று. படிவம் உண்டாக்கிய குறை.

இதைவிட நுட்பமான கேடு ஒன்றும் உண்டு. அதே படிவத்தில் கற்பித்தல் பற்றிப் பத்துக் கூற்றுகள், நூலகம் பற்றிப் பத்துக் கூற்றுகள். இரண்டிலும் பாதி எதிர்மறை. எல்லாவற்றுக்கும் 5 என்று குறித்தவருக்கு ஐந்து 5-களும் ஐந்து 1-களும் கிடைக்கும். இரண்டு பகுதிகளிலும் அவருடைய சராசரி சரியாக 3. கவனமாகப் படித்தவர்களின் சராசரி இரண்டிலும் 4, திட்ட விலக்கம் 0.5, அவர்களிடம் இரண்டு கருத்துகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்துப் பேரும் சேர்ந்தவுடன், பூஜ்யமாக இருந்த ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.29 ஆகிவிடுகிறது. ‘நல்ல நூலகம் இருந்தால் கற்பித்தலும் சிறக்கிறது’ என்று ஆய்வாளர் எழுதிவிடுவார். கவனமாகப் படித்தவர்களின் சராசரி நடுப்புள்ளியான 3-ஐ விட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தப் பொய்த் தொடர்பு வலுக்கும்.

1985-இல் நீல் ஷ்மிட், டேனியல் ஸ்டல்ட்ஸ் ஆகிய இருவரும் செயற்கைத் தரவுகளைக் கொண்டு இதே வகையான ஆபத்தைக் காட்டினர். பத்தில் ஒருவர் கூற்று திரும்பியிருப்பதைக் கவனிக்காவிட்டாலே போதும். ஒரே பண்பை அளக்கும் கூற்றுகள் இரண்டு தனித்தனிப் பண்புகளை அளப்பதுபோல் காரணிப் பகுப்பாய்வில் பிரிந்து நிற்கும்.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் மொழியில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ‘பாடம் எளிதில் புரி...’ என்பதுவரை படித்த கண், ‘வதில்லை’யை எட்டும் முன்பே கட்டத்துக்குத் தாவிவிடும். முழுமையாகப் படித்தவரும் ‘புரிவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை’ என்ற இரட்டை மறுப்பை மனத்துக்குள் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று என்ன? முதலாவது, ஒப்புதலைக் கேட்காமல் செய்தியையே நேரடியாகக் கேட்பது. ‘வகுப்பு முடியும்போது பாடம் எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறது?’ என்று கேட்டு, ‘சிறிதும் புரியவில்லை’ என்பதிலிருந்து ‘முழுவதும் புரிந்தது’ வரை ஐந்து விடைகளை வைக்கலாம். இங்கே தலையாட்டுவதற்கு இடமே இல்லை. திருப்ப வேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாவது, கவனமின்மையைத் தனியாகக் கண்டறிவது. நேரடிக் கேள்விகளும் படிக்காமல் குறிப்பவரைத் தடுத்துவிடா. எனவே, ‘இந்த வரிசையில் இரண்டாம் கட்டத்தைக் குறிக்கவும்’ என்று ஒரு வரியை இடையில் வைக்கலாம். இணையப் படிவமானால், ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு விநாடிகூடச் செலவிடாதவரின் விடைகளை ஐயத்துடன் நோக்கலாம். ஒரே விடை எத்தனை கேள்விகளுக்குத் தொடர்ந்து வருகிறது என்றும் எண்ணலாம். ஆனால், ஒரே ஓர் அறிகுறியை வைத்து எவருடைய படிவத்தையும் தள்ளிவிடக் கூடாது. நேர்மையாளரும் ஒருமுறை தவறக் கூடும்.

பழைய படிவத்தையே பயன்படுத்த வேண்டியவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. மதிப்பெண்களைத் திருப்பும் முன்பு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கூற்றுகளையும் முற்றிலும் ஒப்புக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களை விலக்கி ஒருமுறை, சேர்த்து ஒருமுறை கணக்கிடுங்கள். முடிவு மாறினால், அது உங்கள் கண்டுபிடிப்பன்று.

எங்கள் கல்லூரியில் அப்படிக் கணக்கிட்டபோது, அந்த விரிவுரையாளரின் குறை காணாமல் போயிற்று. அவர் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம் மட்டும் கோப்பில் தங்கிவிட்டது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).