நாடா வெட்டும் வேளையில் ஒரேயொரு வாக்கியம்

எமது அங்கத்தவர்களுள் பலருக்கு என்றாவது ஒருநாள் ஒரு திறப்பு விழாவிலே பேச நேரிடும். புதிய வகுப்பறையாகவோ, நூல் நிலையமாகவோ, சமையற்கூடமாகவோ இருக்கலாம். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி நிற்பாள். “இரண்டு வார்த்தை பேசுங்கள்” என்று செயலாளர் ஒலிவாங்கியை நீட்டுவார். அந்த இரண்டு வார்த்தை இருபது நிமிடமாக நீண்டுவிடுவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அந்த வேளைக்குப் பொருந்திய பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு பார்ப்போம்.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்டபத்திலே கதிரையில் அமர்ந்து கேட்பவர் வேறு, மூடிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்பவர் வேறு. நிற்பவருடைய மனம் கதவுக்கு அப்பால் இருக்கிறது. கைக்குழந்தை அழும், வெளியிலே குளிர் அடிக்கும், பின்வரிசைக்குப் பேச்சுக் கேட்காது. இந்த நிலையில் உள்ளவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடியது ஒரேயொரு எண்ணந்தான். இரண்டாவது எண்ணத்தைச் சேர்த்தால் முதலாவதும் நழுவிவிடும்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி நடந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து நீர் கொண்டுவரும் கால்வாயின் திறப்பு விழா அது. 233 மைல் நீளம். நீரை இறைக்கும் யந்திரம் ஒன்றுமின்றி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடி வரும்படி அமைத்திருந்தார்கள். அதைக் கட்டி முடித்த தலைமைப் பொறியியலாளர் வில்லியம் மல்ஹொலண்ட். அயர்லாந்துத் தீவிலே பெல்பாஸ்ட் நகரில் பிறந்து, பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்து, லொஸ் ஏஞ்சலிஸில் வாய்க்கால் துப்புரவு செய்யும் வேலையில் தொடங்கியவர்.

அன்று முப்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் கூடியிருந்தனர் என்பர். மல்ஹொலண்ட் மேடையில் முறைப்படி ஓர் உரையும் ஆற்றினார். அந்த மேடையைப் பலிபீடத்துக்கு ஒப்பிட்டு, கால்வாயை மக்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அர்ப்பணிப்பதாகக் கூறினார். நல்ல பேச்சுத்தான். ஆனால் அதை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. பிறகு அவர் கொடியை விரித்துச் சைகை காட்டினார். மதகுகள் திறந்தன. மலைச்சரிவில் நீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. கூட்டம் நீரை நோக்கி ஓடியது. அப்பொழுது அவர் நகர மேயரைத் திரும்பிப் பார்த்து, “இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள். நூறாண்டு கடந்தும் அந்நகரத்தின் வரலாற்றைச் சொல்பவர் எவரும் அந்த ஐந்து சொற்களைச் சொல்லாமல் விடுவதில்லை.

இதன் பலம் எங்கே இருக்கிறது? மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, எல்லாரும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ அதையே அவர் சுட்டினார். உவமை தேடிப் போகவில்லை. இரண்டாவது, தன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பட்ட பாடு, செலவான பணம், எதிர்த்தவர்கள், எதுவுமே இல்லை. மூன்றாவது, அது கைமாற்றும் வாக்கியம். கட்டியவர் கையிலிருந்து பயன்படுத்துபவர் கைக்குப் பொருள் போய்ச் சேரும் கணத்தை அது சொல்லிவிடுகிறது. நாடாவை வெட்டுவதன் பொருளும் அதுதானே?

ஆனால் இந்தச் சொற்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீர் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. அங்குள்ள நிலங்களையும் நீர் உரிமைகளையும் நகரம் வாங்கியிருந்தது. 1924ஆம் ஆண்டு அப்பகுதியார் சிலர் ஆத்திரம் தாங்காமல் கால்வாயை வெடி வைத்துத் தகர்த்தனர். 1920களிலேயே ஓவன்ஸ் ஏரி வற்றி உப்புத் தரையாகிப் புழுதி கிளப்பத் தொடங்கியது. நகரத்தாருக்கு “எடுத்துக்கொள்ளுங்கள்” என்பது கொடை. பள்ளத்தாக்கில் இருந்தவர் காதிலோ அது பறிப்பாகவே கேட்டது. ஆகவே, நினைவில் நிற்கும் வாக்கியத்தைச் சொல்லுமுன் ஒரு சோதனை தேவை. இந்தக் காரியத்துக்காக எதையாவது இழந்தவர் முன்வரிசையில் நின்றாலும் இதை இப்படியே சொல்வோமா? சொல்ல முடியாதென்றால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். நன்றாக நினைவில் நிற்கும் சொல், தவறினாலும் அவ்வளவு காலம் நிற்கும்.

இனி எமது அளவுக்கு வருவோம். ஒரு மன்றம் புதிய சமையற்கூடம் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவரை அன்னதானத்துக்குப் பதினெட்டு வீடுகளில் தனித்தனியே சமைத்து, காரிலே பாத்திரங்கள் சரியாதபடி பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிரதம விருந்தினர் முதலில் எழுதி வைத்தது இதுதான்: “இன்று ஒரு பொன்னாள். எமது சமூகத்தின் வளர்ச்சியில் இது ஒரு மைல்கல். இதற்கு உழைத்த அனைவரும் பாராட்டுக்குரியவர்கள்.” இதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் இதையே நூல் நிலையத்துக்கும் சொல்லலாம், கார்த் தரிப்பிடத்துக்கும் சொல்லலாம். அதுதான் குறை. எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தக் கட்டடத்திலும் ஒட்டாது.

அவர் சமைத்த பெண்மணிகளிடம் போய், இதுவரை என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால் வேறொரு பேச்சுக் கிடைக்கும்:

“அன்பர்களே, இதுவரை எங்கள் சாம்பார் பதினெட்டு வீடுகளில் பதினெட்டு ருசியாகக் கொதித்தது. கார் மடியில் சிந்திய சாம்பாரின் மணம் இன்னும் சிலருடைய காரில் இருக்கிறது. இன்று முதல் அது ஒரே பாத்திரத்தில் கொதிக்கும். இத்தனை காலம் தங்கள் வீட்டு அடுப்பை எங்களுக்குத் தந்த அம்மாமார் இங்கே நிற்கிறார்கள். நாடாவை நான் வெட்டுகிறேன், அடுப்பை அவர்கள் பற்ற வைக்கட்டும். அம்மா, இதோ உங்கள் அடுப்பு.”

ஆறுதலாகப் படித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எண்ணம் ஒன்றுதான்: பதினெட்டு அடுப்பு ஒன்றாயிற்று. கடைசி வாக்கியம் கைமாற்றுகிறது, அதைச் சொன்ன உடனே கத்தரிக்கோல் வேலை செய்ய வேண்டும். அதன்பின் “மேலும் ஒன்று சொல்ல விரும்புகிறேன்” என்று தொடங்கினால் எல்லாம் கெட்டது. வீட்டு அடுப்பை இழந்தவர் எவருமில்லை, கொடுத்தவர்களே முன்னால் நிற்கிறார்கள். ஆகையால் மேலே சொன்ன சோதனையிலும் இது தேறுகிறது.

நன்கொடையாளர் பெயர்களை எங்கே சொல்வது என்று கேட்கலாம். அது நன்றியுரைக்கு உரியது. கதவு திறந்து, எல்லாரும் உள்ளே வந்து அமர்ந்த பிறகு, ஒருவரும் விடுபடாதபடி எழுதி வைத்து வாசிக்கலாம். நிற்பவர்களிடம் முப்பது பெயர் வாசித்தால், முப்பத்தோராவது ஆளின் மனக்குறை மட்டுமே மிஞ்சும்.

விழா முடிந்து தேநீர் அருந்தும்போது, பின்வரிசையில் நின்ற ஒருவரிடம் “என்ன பேசினார்?” என்று கேட்டுப் பாருங்கள். “நன்றாகப் பேசினார்” என்றால் பேச்சுப் போய்விட்டது. “பதினெட்டு அடுப்பு ஒன்றாகிவிட்டதாம்” என்றால் நின்றுவிட்டது.