பத்து ஆண்டில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு எவ்வளவு?

தபால் நிலையத்தில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கினால், போட்ட பணம் 115 மாதத்தில் இரட்டிப்பாகும் என்பது 2023 ஏப்ரலில் வந்த அறிவிப்பு. 115 மாதம் என்பது 9 ஆண்டு 7 மாதம். ஒரு லட்சம் போட்டவருக்குக் கூடுதலாக ஒரு லட்சம் கிடைக்கிறது. இதை 100 சதவீத லாபம் என்று எடுத்துக்கொண்டு ஆண்டுகளால் வகுத்தால், ஆண்டுக்கு 10.4 சதவீதம் வரும். ஆனால் அந்தப் பத்திரத்துக்கு அரசு அறிவித்த வட்டி 7.5 சதவீதம்தான்.

இரண்டு எண்ணுக்கும் நடுவே யாரும் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. வட்டி ஆண்டுதோறும் முதலோடு சேர்ந்து, அடுத்த ஆண்டு அதற்கும் வட்டி விழுகிறது. முதல் ஆண்டில் 7,500 ரூபாய் சேரும். அதே 7.5 சதவீதத்தில் ஒன்பதாம் ஆண்டில் மட்டும் 13,376 ரூபாய் சேரும். மொத்த லாபத்தை ஆண்டுகளால் வகுக்கும்போது இந்தக் குட்டி போடும் வேலையை மறந்துவிடுகிறோம். அதனால்தான் விகிதம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மனை விற்பவர்களும் சேமிப்புத் திட்டங்களுக்கு ஆள் பிடிப்பவர்களும் பெரும்பாலும் இந்த வகுத்த கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

சரியான கேள்வி இது: ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் வளர்ந்திருந்தால், தொடக்கத் தொகை இறுதித் தொகையாக மாற அந்த விகிதம் எவ்வளவாக இருந்திருக்க வேண்டும்? அதற்கான விடையைத்தான் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் என்கிறார்கள். பரஸ்பர நிதிக்காரர்கள் வாயில் அது சிஏஜிஆர்.

மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 2007 டிசம்பர் முடிவில் அது 20,287 புள்ளி. 2017 டிசம்பர் முடிவில் 34,057. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.679, அதாவது பத்து ஆண்டில் 1.679 மடங்கு. இனி, பத்து முறை தன்னைத்தானே பெருக்கினால் 1.679 தரும் எண் வேண்டும். அது 1.0532. அதில் ஒன்றைக் கழித்தால் 0.0532, அதாவது ஆண்டுக்கு 5.3 சதவீதம். கணினியில் எக்செல் இருந்தால் ஒரே வரி போதும்:

```
=(34057/20287)^(1/10)-1
```

கைபேசிக் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் அடுக்குக்கான பொத்தான் தெரியும். 1.679 போட்டு, அந்தப் பொத்தானை அழுத்தி, 0.1 கொடுத்தால் அதே விடை.

ஆண்டை எண்ணுவதில் கவனம் வேண்டும். 2020, 2021, 2022, 2023 என்று நான்கு ஆண்டு முடிவுகள் ஓர் அட்டவணையில் இருந்தால், அவற்றுக்கு இடையே கடந்தது மூன்று ஆண்டுதான். சென்செக்ஸ் அந்தக் காலத்தில் 47,751-இலிருந்து 72,240-க்குப் போனது. மூன்று என்று போட்டால் 14.8 சதவீதம், நான்கு என்று போட்டால் 10.9. கட்டங்களை எண்ணாமல், கடைசி ஆண்டிலிருந்து முதல் ஆண்டைக் கழிப்பதே பாதுகாப்பு.

ஆண்டு வாரியான சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். 2008-இல் உலக நிதி நெருக்கடியில் சென்செக்ஸ் 52.4 சதவீதம் சரிந்தது. மறு ஆண்டே 81 சதவீதம் எழுந்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 14.3 சதவீத லாபம். ஆனால் 2007 முடிவில் 20,287-இல் இருந்த சென்செக்ஸ் 2009 முடிவில் 17,465-இல்தான் நின்றது. பணம் போட்டவர் கையில் இருந்தது நஷ்டம். கூட்டு விகிதம் அதை மறைக்காமல் காட்டுகிறது: ஆண்டுக்கு மைனஸ் 7.2 சதவீதம். நூறு ரூபாய் பாதியானால் பழைய நிலைக்கு வர அது இரட்டிப்பாக வேண்டும். 81 சதவீத ஏற்றம் அதற்குப் போதாது. ஒரு திட்டத்தைப் பற்றி யாராவது ‘சராசரி லாபம்’ என்று பேசினால், எந்தச் சராசரி என்று நான் கேட்டே தீருவேன்.

ஆனால் இந்த விகிதத்தையும் கண்மூடி நம்பிவிட முடியாது. அது பார்ப்பது இரண்டே எண்களைத்தான்: தொடக்கம், முடிவு. நடுவே நடந்த எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் தொடக்க நாளைத் தேர்ந்தெடுப்பவர் கையில்தான் விடை இருக்கிறது. மேலே பார்த்த 2007 முதல் 2017 வரையிலான பத்து ஆண்டுக்கு 5.3 சதவீதம் வந்தது. இரண்டு முனைகளையும் ஓராண்டு மட்டும் தள்ளிப் பாருங்கள். 2008 முடிவில் 9,647. 2018 முடிவில் 36,068. விகிதம் 14.1 சதவீதம்! இன்னும் ஓராண்டு தள்ளி, 2009 முடிவிலிருந்து 2019 முடிவு வரை எடுத்தால் 9 சதவீதம். அதே சந்தை, அதே பத்து ஆண்டு நீளம். முதல் கணக்கு உச்சத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது, இரண்டாவது பள்ளத்தில் தொடங்குகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 25,981-க்கு இறங்கியது. 2025 மார்ச்சில் ‘ஐந்தாண்டு வளர்ச்சி’ என்று வெளியான எண்கள் பலவும் அந்தப் பள்ளத்தை ஒட்டித் தொடங்கியவை. அவற்றில் பொய் எதுவும் இல்லை. அடுத்த ஐந்தாண்டிலும் அதே வேகம் இருக்கும் என்று வாசிப்பவர் நினைத்துக்கொண்டால்தான் ஆபத்து. ஒரு நிதியைப் பார்க்கும்போது தொடக்க நாளை முன்னும் பின்னும் ஓரிரு ஆண்டு நகர்த்திக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். விடை பெரிதாக ஆடினால், விளம்பரத்தில் உள்ள ஒற்றை எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

இந்தச் சூத்திரம் அறவே பொருந்தாத இடமும் உண்டு. மாதம் 5,000 ரூபாய் வீதம் பத்து ஆண்டு எஸ்ஐபி கட்டி வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டியது 6 லட்சம். கையில் இருப்பது 10 லட்சம். ஆறைத் தொடக்கமாகவும் பத்தை முடிவாகவும் போட்டால் 5.2 சதவீதம் வரும். வங்கி வைப்பே தேவலாம் என்று அவர் திட்டத்தை நிறுத்திவிடக்கூடும். ஆனால் 6 லட்சமும் முதல் நாளே போட்டதல்ல. கடைசித் தவணை உள்ளே இருந்தது ஒரு மாதம்தான். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் சுமார் ஐந்து ஆண்டுதான் வளர்ந்திருக்கிறது. தவணை போன தேதிகளையும் கணக்கில் எடுத்தால் உண்மையான விகிதம் ஏறத்தாழ 10 சதவீதம்.

அதற்கு எக்செலில் `XIRR` என்ற தனிச் சூத்திரம் இருக்கிறது. ஒரு வரிசையில் தேதிகள், பக்கத்து வரிசையில் தொகைகள். கட்டிய தவணைகளை மைனஸ் குறியோடும், இன்றைய மதிப்பைக் கடைசியில் குறி இல்லாமலும் எழுத வேண்டும். எல்லாமே ஒரே குறியில் இருந்தால் விடைக்குப் பதில் `#NUM!` என்று வந்து நிற்கும். நடுவே பணம் எடுத்திருந்தால் அதையும் அந்தத் தேதியில் குறி இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.