பன்னிரண்டு நகரங்களின் மழை, பன்னிரண்டு சின்னக் கட்டங்கள்

பருவமழை பற்றிய ஒரு பக்கத்துக்காகப் பன்னிரண்டு நகரங்களின் சராசரி மாத மழையை ஒரே கோட்டுப்படத்தில் வரைந்தேன். கீழே ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதங்கள், இடப்பக்கம் மில்லிமீட்டர், உள்ளே பன்னிரண்டு நிறங்களில் பன்னிரண்டு கோடுகள். ஜூலைப் பக்கம் ஏழெட்டுக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. மும்பை மட்டும் தனியாக உச்சியில் நின்றது. சென்னை எது என்று தேட, வலப்பக்கப் பெட்டியில் அதன் நிறத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு படத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் அது இளம்பச்சையா, கரும்பச்சையா என்று குழம்பிவிடும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கண் வேறொரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடும். போனது நமக்கே தெரியாது. பன்னிரண்டு கோடுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 66 ஜோடிகள். அத்தனையையும் ஒரே சதுரத்தில் செய்யச் சொல்லி வாசகரிடம் நீட்டியிருந்தேன்.

அதைக் கலைத்துவிட்டு, நகரத்துக்கு ஒரு சின்னக் கட்டம் என்று வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை வரைந்தேன். இந்த முறையை ‘ஸ்மால் மல்டிபிள்ஸ்’ என்பார்கள். முறை பழையது, அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டியின் நூல்கள் வழியாக இந்தப் பெயர் பரவியது. எல்லாக் கட்டத்திலும் அதே மாதங்கள், அதே அளவு. மாறுவது கோடு மட்டும். நகரத்தின் பெயர் கட்டத்தின் தலையிலேயே இருப்பதால் நிறப்பெட்டியே வேண்டாம், எல்லாக் கோடும் ஒரே நீலத்தில் இருக்கலாம்.

கட்டங்களை அகர வரிசையில் வைக்காமல், எந்த மாதத்தில் மழை உச்சம் தொடுகிறதோ அந்த வரிசையில் வைத்தேன். முதலில் மார்ச்சில் மேடு காட்டும் ஸ்ரீநகர். அடுத்து ஜூனில் எழும் கொச்சி. பிறகு மும்பை, டெல்லி முதலிய ஜூலை, ஆகஸ்ட் நகரங்கள். அப்புறம் பெங்களூரு. கடைசியில் நவம்பர்க்காரர்களான சென்னையும் நாகப்பட்டினமும். கட்டம் கட்டமாகக் கண் நகரும்போது மேடு வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. திருவனந்தபுரத்தில் ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று இரண்டு மேடு: தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே அங்கே நன்றாகப் பெய்கின்றன. முந்தைய படத்திலும் இந்த இரட்டை மேடு இருந்தது. ஆனால் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

சிக்கல் ஜெய்சல்மேரில் வந்தது. மும்பைக்கு ஜூலையில் 800 மி.மீ.க்கு மேல் பெய்வதால் எல்லாக் கட்டத்தின் உயரமும் 1,000 மி.மீ. பாலைவன ஊரான ஜெய்சல்மேரில் அதிகம் பெய்யும் மாதத்திலும் 100 மி.மீ. தேறாது. மூன்று சென்டிமீட்டர் உயரக் கட்டத்தில் அதன் மேடு மூன்று மில்லிமீட்டர்கூட வராது, தரையோடு ஒட்டிய கோடாகத் தெரியும். இந்த இடத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். மென்பொருளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி அளவு என்று ஒரு தேர்வு இருக்கும்; அதை அழுத்தியதும் எல்லாக் கோடும் கட்டம் நிறைய எழுந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஜெய்சல்மேரும் மும்பையும் ஒரே மாதிரி நனையும் ஊர்கள் என்று வாசகர் நினைத்துவிடுவார். அடுத்தடுத்து வைத்த கட்டங்களின் உயரத்தை யாரும் எண்ணைப் படித்து ஒப்பிடுவதில்லை, கண்ணால்தான் ஒப்பிடுகிறார்கள்.

எனவே முதலில் கேள்வியை முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு மழை என்பது கேள்வியானால், அந்தத் தட்டைக் கோடுதான் உண்மை. பாலைவனம் அப்படித்தான் தெரிய வேண்டும். எப்போது மழை என்பது கேள்வியானால் மில்லிமீட்டரையே விட்டுவிடலாம். அந்த ஊரின் ஆண்டு மழையில் நூற்றுக்கு எத்தனை பங்கு அந்த மாதத்தில் பெய்தது என்று கணக்கிட்டு, எல்லாக் கட்டத்துக்கும் பொதுவாக 0 முதல் 40 சதவீதம் வைக்கலாம். இப்போது ஜெய்சல்மேரும் மும்பையும் ஒத்துத் தெரிந்தால் அது பொய்யில்லை. இரண்டுக்கும் மழைக்காலம் ஏறக்குறைய ஒன்றுதான். என் பக்கத்தின் கேள்வி ‘எப்போது’ என்பதால் சதவீதத்தையே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் மற்றப் பதினோரு கோடுகளை மங்கிய சாம்பல் நிறத்தில் பின்னால் போட்டேன். சென்னைக் கட்டத்தைப் பார்த்தால், கூட்டமெல்லாம் ஜூலையில் மங்கலாகக் குவிந்திருக்க, நீலக்கோடு தனியே நவம்பரில் ஏறுவது தெரியும்.

கட்டங்களால் ஆகாத வேலையும் உண்டு. டிசம்பரில் சென்னைக்கு அதிகமா, நாகப்பட்டினத்துக்கா என்று ஒருவர் கேட்டால் ஒரு கட்டத்தின் உயரத்தை மனதில் சுமந்து அடுத்ததற்குப் போக வேண்டும்; சின்ன வித்தியாசம் வழியிலேயே தொலைந்துபோகும். அதற்கு அந்த இரண்டு ஊரை மட்டும் ஒரே படத்தில், மில்லிமீட்டரில், கோட்டின் நுனியிலேயே பெயர் எழுதி வரைவதுதான் சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக் கோடு மேலே போகிறது. நவம்பருக்குள் நாகப்பட்டினம் அதைத் தாண்டி, டிசம்பரிலும் மேலேயே நிற்கிறது. அந்தப் படத்தைப் பக்கத்தின் கீழ்மூலையில் தனியாக வைத்தேன்.