தொய்வு குறைந்தால் இழுப்பு கூடும்

திருவிழாத் தெருவில் இரண்டு கம்பங்களுக்கு இடையே எஃகு வடம் கட்டி அலங்கார விளக்குகளைத் தொங்கவிடுவார்கள். வடம் தொய்யாமல் விறைப்பாக நின்றால்தான் கட்டு பலமானது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

கம்பங்களுக்கு இடையே 12 மீட்டர். வடத்தின் இரு முனைகளும் ஒரே உயரம். இடது முனையிலிருந்து 4 மீட்டரில் 60 கிலோ விளக்கு, 8 மீட்டரில் 30 கிலோ விளக்கு. முதல் விளக்கு தொங்கும் இடத்தில் தொய்வு 2 மீட்டர். வடத்தின் சொந்த எடை சிறியது என்பதால் அதை விட்டுவிடலாம்.

எந்தக் கம்பம் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்பதே முதல் கேள்வி. ஒவ்வொரு எடையையும் வலது கம்பத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால், 60×8 + 30×4 = 600. இதை 12ஆல் வகுத்தால் இடது கம்பத்துக்கு 50 கிலோ. மீதி 40 கிலோ வலது கம்பத்துக்கு.

வடத்தால் தன் நீளவாக்கில் மட்டுமே இழுக்க முடியும். இடது துண்டு 4 மீட்டர் செல்வதற்குள் 2 மீட்டர் இறங்குகிறது. ஆகவே அது மேல்நோக்கி 50 கிலோ தாங்க வேண்டுமானால், பக்கவாட்டில் 100 கிலோ இழுத்தாக வேண்டும். விளக்குகள் நேர் கீழேதான் இழுக்கின்றன. அதனால் இந்தப் பக்கவாட்டு இழுப்பு மூன்று துண்டுகளிலும் மாறாமல் 100 கிலோவாகவே இருக்கும்.

மேல்நோக்கிய விசை மட்டும் துண்டுக்குத் துண்டு மாறும். இடது துண்டில் 50. நடுத்துண்டில், 60இல் 50 போக மீதி 10. வலது துண்டில் 40. பிதாகரஸ் தேற்றப்படி இவற்றை 100உடன் சேர்த்தால் இழுவிசை முறையே ஏறத்தாழ 112, 100.5, 108 கிலோ. செங்குத்தாகச் சரியும் துண்டில்தான் இழுப்பு அதிகம். நடுத்துண்டு 100க்கு 10 என்ற சரிவில் மேலேறுவதால், 4 மீட்டரில் 0.4 மீட்டர் உயரும். இரண்டாவது விளக்கின் தொய்வு 1.6 மீட்டர். வலது முனையிலிருந்து பார்த்தாலும் 4×40/100 = 1.6. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி.

இப்போது முதல் விளக்கின் தொய்வு அரை மீட்டர்தான் இருக்கும்படி வடத்தை இழுத்துக் கட்டுவோம். பக்கவாட்டு இழுப்பு 50×4/0.5 = 400 கிலோ ஆகிவிடும். விளக்குகள் அதே 90 கிலோதான். ஆனால் கம்பத்தின் உச்சியை நான்கு மடங்கு விசை உள்ளே இழுக்கிறது. வடம் தாங்கினாலும் கம்பம் சாயலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் விளக்கின் இருபுறமும் இழுவிசை வேறு வேறு. அந்த வித்தியாசத்தைப் பிடித்து நிறுத்துவது கிளாம்ப் மட்டுமே. வெறும் வளையத்தில் மாட்டினால் விளக்கு வழுக்கி நகரும்; மேலே போட்ட கணக்கும் பொருந்தாது.

வடம் வாங்கப் போகும்போது விளக்கின் எடையை மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு தொய்வு விடப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.